மைனர் பங்கை விற்க கோர்ட் அனுமதி: மனு எங்கே தேறுகிறது, எங்கே தடுக்கிக்கொள்கிறது?

செங்காந்தள்: கணவர் உயில் எழுதாமல் இறந்து, அவர் சுயமாக வாங்கிய நிலத்தில் மைனர் பிள்ளைகளுக்கும் பங்கு வந்திருக்கிறது. விற்க அனுமதி கேட்டு ஜி.ஓ.பி. என்கிற கார்டியன் மனு போட்டவர்கள், நடத்திக் கொடுத்தவர்கள், பார்த்ததைச் சொல்லுங்கள். "அவசியம்", "மைனருக்கு நன்மை" என்று மனுவில் எழுதினால் போதுமா, கணக்கும் காட்ட வேண்டுமா?

படிக்கட்டு வக்கீல்: கணக்குத்தான் மனு. 1956-ஆம் ஆண்டு இந்து மைனர், கார்டியன் சட்டத்தின் 8-ஆவது பிரிவு சொல்வது இரண்டே காரணம். ஒன்று அவசியம், இன்னொன்று மைனருக்குக் கண்கூடான நன்மை. "குடும்பக் கஷ்டம்" என்று பொதுவாக எழுதிய மனுவில் இந்த இரண்டுமே இருக்காது.

சமீபத்தில் திருத்திக் கொடுத்த ஒரு மனுவைச் சொல்கிறேன், தொகைகளைக் கொஞ்சம் மாற்றி. 1 ஏக்கர் 20 சென்ட் புஞ்சை, சென்ட் 20,000 ரூபாய், மொத்தம் 24 லட்சம். இறந்தவரின் மனைவி, தாயார், இரண்டு மைனர் பிள்ளைகள் என வாரிசுகள் நான்கு பேர். ஆளுக்குக் கால் பங்கு, 6 லட்சம். நிலத்தின் மேல் கூட்டுறவு சங்கத்தில் அடமானக் கடன் 4 லட்சம், ஏல நோட்டீஸும் வந்துவிட்டது.

முதலில் எழுதியிருந்த மனுவில், பிள்ளைகளின் 12 லட்சத்திலிருந்து கடன் 4 லட்சத்தையும் கழித்து, வீட்டு மராமத்துக்கு 3 லட்சம் எடுத்து, மீதி 5 லட்சத்தை டெபாசிட் செய்வதாகச் சொல்லியிருந்தார்கள். கடன் நிலத்தின் மேல் நிற்கிறது. அப்படியானால் நான்கு பங்குக்கும் தலா 1 லட்சம்தான் விழும். தங்கள் அம்மா, பாட்டி பங்கின் கடனைப் பிள்ளைகள் ஏன் சுமக்க வேண்டும்? மராமத்து செய்யவிருந்த வீடோ பாட்டி பெயரில் இருந்தது. அதில் மைனருக்கு என்ன நன்மை? திருத்தியபின் பிள்ளைகளுக்கு ஆளுக்கு 5 லட்சம், மொத்தம் 10 லட்சம், 18 வயது வரை தேசியமயமாக்கப்பட்ட வங்கியில் நிரந்தர வைப்பு என்று ஆனது. அதே நிலம், அதே விலை. பிள்ளைகளுக்குப் போவது மட்டும் இரட்டிப்பாகிவிட்டது. நீதிபதி பார்ப்பது இதைத்தான்.

கரிசல்மண்: பூர்வீகச் சொத்தென்றால் அனுமதியே வேண்டாமே. உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது.

படிக்கட்டு வக்கீல்: பாதி சரி, தம்பி. 1996-இல் வந்த அந்தத் தீர்ப்பு, பாகம் பிரியாத கூட்டுக் குடும்பச் சொத்தில் மைனருக்குள்ள பங்கையும் சேர்த்துக் குடும்பத்தின் வயதுவந்த மேலாளர் விற்பதைப் பற்றியது. அதற்கு 8-ஆவது பிரிவு பொருந்தாது. செங்காந்தள் கேட்பது இறந்தவரின் தனிச்சொத்து. வாரிசுரிமையில் ஆளுக்குத் தனித்தனிப் பங்காக வருகிறது, அங்கே அனுமதி வேண்டும். நீங்கள் சொல்லும் சொத்திலும் ஒருவர் இறந்ததும் அவர் பங்கு வாரிசுரிமையில் இறங்கியிருக்கலாம். அதைப் பார்க்காமல் "பூர்வீகம்" என்ற சொல்லை மட்டும் நம்பி வாங்காதீர்கள்.

பத்திரக் கட்டு: பதிவு அலுவலகப் பக்கம் மாட்டிக்கொள்வதைச் சொல்கிறேன். மனுவின் சொத்து விவரத்தில் பழைய சர்வே எண், பட்டாவில் உட்பிரிவான எண். உத்தரவு மனுவைப் பார்த்தே தட்டச்சாகும். கிரயப் பத்திரத்தில் புது எண் போட்டால் உத்தரவோடு பொருந்தாது, பழைய எண் போட்டால் பட்டாவோடு பொருந்தாது. மறுபடி கோர்ட்டுக்குப் போய் உத்தரவைத் திருத்தி வாங்க வேண்டும். மனு போடுமுன் பட்டா, வில்லங்கச் சான்று, மூலப் பத்திரம் மூன்றையும் பக்கத்தில் பக்கமாக வைத்து, எண், பரப்பு, நான்கு எல்லை ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். விலை வழிகாட்டி மதிப்புக்குக் கீழே இருந்தால் அதற்கும் கேள்வி வரும்.

மூன்றாம் மணி: எங்கள் வீட்டில் 8 வருடம் முன்பே அனுமதி வாங்காமல் அண்ணி விற்றுவிட்டார்கள். பையனுக்கு இப்போது 19. இப்போது மனு போட்டு அனுமதி வாங்கிக்கொள்ளலாமா?

படிக்கட்டு வக்கீல்: முடியாது, அம்மா. சட்டம் கேட்பது முன் அனுமதி. நடந்து முடிந்த விற்பனைக்குப் பின்தேதியில் அனுமதி கிடையாது. அந்த விற்பனை தானாகச் செல்லாததாகிவிடவில்லை. பையன் விரும்பினால் ரத்து செய்ய வைக்கலாம், அதற்கு 18 முடிந்ததிலிருந்து 3 வருடம். அவர் ஒப்புக்கொள்வதானால் அவரே கையெழுத்திட்டு உறுதிப் பத்திரம் எழுதிக் கொடுக்கலாம். முடிவு அவருடையது, அண்ணியுடையது அல்ல.

செங்காந்தள்: வாங்குபவர் இப்போதே அட்வான்ஸ் தருகிறேன், மூன்று மாத அக்ரிமெண்ட் போடலாம் என்கிறார்.

பத்திரக் கட்டு: வேண்டாம் அக்கா. மனு எண்ணாகி, நோட்டீஸ் போய், பத்திரிகை விளம்பரம் வந்து, சாட்சியம் முடிய மூன்று மாதம் பல இடத்தில் போதாது. கெடு முடிந்ததும் அட்வான்ஸைத் திருப்பிக் கேட்பார்கள், அதற்குள் அந்தப் பணம் செலவாகியிருக்கும். அப்படிப் போட்டே ஆக வேண்டுமென்றால், கோர்ட் அனுமதி கிடைத்தால்தான் விற்பனை, அனுமதி வந்த தேதியிலிருந்து கெடு என்று எழுதுங்கள். மைனர் பங்குக்கு முன்பணம் வாங்கவே வாங்காதீர்கள்.

கரிசல்மண்: பெரியப்பாவை கார்டியனாகப் போட்டால் சீக்கிரம் முடியுமா?

படிக்கட்டு வக்கீல்: தாய் இருக்கும்போது அவர்தான் இயற்கைக் கார்டியன். பெற்றோர் இருவரும் இல்லாவிட்டால்தான் பெரியப்பா, தாத்தா யாரையாவது கோர்ட் முதலில் கார்டியனாக நியமிக்க வேண்டும், அதன்பிறகே விற்பனை அனுமதி. வளர்த்துவருகிறோம் என்ற உரிமையில் அவர்களால் விற்க முடியாது.

இன்னொன்று, குடும்ப நல நீதிமன்றத்தில் போய் நிற்காதீர்கள். சொத்து இருக்கும் எல்லைக்குரிய மாவட்ட நீதிமன்றம்தான் இடம். தாய் குடியிருக்கும் ஊரில் தாக்கல் செய்து, மனு திரும்பி வந்ததைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

செங்காந்தள்: மூத்தவளுக்கு 17 வயது 5 மாதம். அதனால் சிக்கல் வருமா?

படிக்கட்டு வக்கீல்: வரும். ஏழு மாதம் பொறுத்தால் அவளே கையெழுத்திடலாமே என்று நீதிபதி கேட்பார். ஏல நோட்டீஸ் போல, அந்த ஏழு மாதத்தைத் தாங்காத காரணத்தை ஆவணத்தோடு காட்டினால் பதில் உண்டு. "நல்ல விலை வந்திருக்கிறது" என்பது மட்டும் பெரும்பாலும் போதாது. உத்தரவு வந்து கிரயத்துக்கு முன் 18 முடிந்துவிட்டால், அவள் பங்குக்கு அந்த உத்தரவு உதவாது. அவளே விற்பவராகச் சேர வேண்டும்.

மூன்றாம் மணி: டெபாசிட் வட்டியைப் பள்ளிக் கட்டணத்துக்கு எடுக்க முடியுமா?

படிக்கட்டு வக்கீல்: கேட்டால்தான் உண்டு. மனுவின் பரிகாரப் பகுதியிலேயே, காலாண்டு வட்டியைப் படிப்புக்கும் பராமரிப்புக்கும் தாய் எடுத்துக்கொள்ள அனுமதி என்று கேட்டுவிடுங்கள், கட்டண ரசீதுகளையும் சேர்த்து. விட்டுவிட்டால் ஒவ்வொரு தடவையும் தனி மனு.

பத்திரக் கட்டு: உத்தரவில் வாங்குபவர் பெயர் இருக்க வேண்டுமா, குறைந்தபட்ச விலை போதுமா என்பதில் நான் இரண்டு விதமும் பார்த்துவிட்டேன். பெயர் இருந்தால் பதிவில் கேள்வி இல்லை, ஆனால் அவர் பின்வாங்கினால் உத்தரவும் முடங்கும்.

படிக்கட்டு வக்கீல்: நான் விலையை மட்டும் கேட்பேன். என் நண்பர் ஒருவர் பெயரையும் சேர்ப்பார். இருவருக்கும் உத்தரவு கிடைத்திருக்கிறது.