போலாரிமீட்டர் 72 என்கிறது, எச்.பி.எல்.சி. 88 என்கிறது: எதை நம்புவது?

கண்ணாடிக்குழாய்:
எம்.எஸ்சி. புராஜெக்ட். ரெசிமிக் மேண்டலிக் அமிலத்தை (R)-1-பீனைல் எத்தில் அமீனோடு உப்பாக்கிப் பிரித்தேன். படிகத்தை அமிலமாக்கி, எத்தில் அசிடேட்டில் இழுத்து, வெள்ளைத் தூளாக எடுத்தாயிற்று.

0.500 கிராம் தூள், தண்ணீரில் 25 மி.லி., 20 செ.மீ. குழாய், சோடியம் விளக்கு. ஸ்கேலில் 175.70 வந்தது. வெறும் தண்ணீருக்கு 0.10. எங்கள் சார் 180-ஐக் கழித்து மைனஸாக எடுக்கச் சொன்னார், அது −4.30. தண்ணீரின் 0.10-ஐயும் கழித்தால் −4.40.

முதலில் l = 20 என்று போட்டு −11 வந்து பயந்துவிட்டேன். டெசிமீட்டரில் 2 என்று போட்டதும் சரியானது:

```
[α] = −4.40 / (2 × 0.0200) = −110
110 / 153 = 0.72
```

(R) வடிவத்துக்குப் புத்தக மதிப்பு −153, தண்ணீரில். ஆகவே R 72%, S 28%. ஆனால் பக்கத்து லேபில் கைரல் எச்.பி.எல்.சி. போட்டால் 88:12. இவ்வளவு வித்தியாசம் ஏன்?

சர்க்கரைப்பாகு:
கரைத்தவுடனே அளந்தீர்களா? எனக்கும் இப்படித்தான் ஆனது. ஆல்ஃபா குளுக்கோஸ் 112-ல் தொடங்கி மெல்ல இறங்கி 52.7-ல் போய் நின்றது. ஒரு ராத்திரி வைத்துவிட்டு அளந்து பாருங்கள்.

நான்காம்மாடி:
72 சரிதான், கணக்கில் தப்பில்லை. எச்.பி.எல்.சி.யைத்தான் சந்தேகப்பட வேண்டும். இரண்டு ஐசோமர்களும் யு.வி.யை வேறு வேறு அளவில் உறிஞ்சும், அதனால் பரப்பு விகிதம் ஏமாற்றும்.

பழைய லேப்காரன்:
நான்காம்மாடி, டயஸ்டீரியோமர் என்றால் அது நடக்கும். ஆடிபிம்ப ஜோடிக்கு யு.வி. உறிஞ்சல் ஒன்றேதான், அங்கே பரப்பை நம்பலாம். சர்க்கரைப்பாகு சொல்வது குளுக்கோஸின் வளையம் திறந்து மூடுவதால் வருவது. மேண்டலிக் அமிலத்தில் திறக்க வளையமே இல்லை.

தம்பி, 72 என்பது R-இன் பங்கு இல்லை, ஈ.ஈ., அதாவது S-ஐவிட R எத்தனை சதவீதம் கூடுதல் என்பது. மீதி 28 முழுக்க S என்று நினைத்துவிட்டாய். அது ரெசிமிக்காகக் கிடக்கிறது, பாதி R, பாதி S. அதில் சுழற்சி ஒன்றை ஒன்று அடித்துப்போகும். ஆக R = 72 + 14 = 86, S = 14. அந்தப் பக்கம் 88 − 12 = 76. நீ ஒப்பிட வேண்டியது 72-ஐயும் 76-ஐயும். பாதி சண்டை இதோடு தீர்ந்தது.

மீதி 4 எங்கே போனது? வாசிப்பில் 0.05 பிசகினால் ஈ.ஈ. ஒரு புள்ளிகூட நகராது. சில புத்தகங்களில் −158 இருக்கும், அதைப் போட்டால் 70 ஆகி இடைவெளி இன்னும் கூடும். எனக்குச் சந்தேகம் உன் 0.500 கிராமின் மேல்தான். அதில் 5% எத்தில் அசிடேட்டும் ஈரமும் என்று வை. அமிலம் 0.475 தான், c 0.0190, [α] −115.8, ஈ.ஈ. 76. போலாரிமீட்டர் நீ எடை போட்டதெல்லாம் அமிலம் என்று நம்பிக்கொள்கிறது. எச்.பி.எல்.சி.க்கு எடை தேவையே இல்லை.

வேக்குவத்தில் எடை மாறாத வரை உலர்த்து. சுத்தம் செய்கிறேன் என்று மறுபடி படிகமாக்கிவிடாதே, படிகத்தின் ஈ.ஈ. ஒன்று, தாய்க்கரைசலின் ஈ.ஈ. வேறு என்று ஆகிவிடும்.

மேசைவிளக்கு:
ஒரு சின்ன கேள்வி. 175.70 உண்மையிலேயே −4.30 தானா? சார் சொன்னார் என்பது போதாதே.

பழைய லேப்காரன்:
நல்ல கேள்வி. கரைசலைச் சரிபாதியாக நீர்த்து அளக்கட்டும். மைனஸ் என்றால் 177.90 பக்கம் வரும். பிளஸ் 175 என்றால் 88 பக்கம் போய் நிற்கும்.

கண்ணாடிக்குழாய்:
இன்று செய்து பார்த்தேன், அண்ணா. நீர்த்ததில் 177.90, அதனால் மைனஸ் உறுதி. மிச்சம் இருந்த தூளை இரண்டு நாள் உலர்த்தினால் எடை 3% குறைந்தது. உலர்ந்ததில் 0.500 கிராம் எடுத்து அளந்தால் 175.55, தண்ணீர் அதே 0.10. −4.55, −113.8, ஈ.ஈ. 74. இன்னும் 2 குறைகிறது.

பழைய லேப்காரன்:
அமீன் மிச்சம் இருக்கிறதா பார். அதுவும் கைரல், எடையையும் கெடுக்கும், தன் பங்குக்குச் சுழற்றவும் செய்யும். புரோட்டான் என்.எம்.ஆரில் 1.5 பக்கம் ஒரு இரட்டைக் கோடு தெரிந்தால் அதுதான். நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் இன்னொரு தடவை கழுவ வேண்டியிருக்கும்.

கண்ணாடிக்குழாய்:
என்.எம்.ஆருக்கு அடுத்த வாரம்தான் நேரம் கிடைத்திருக்கிறது. வந்ததும் போடுகிறேன்.

நான்காம்மாடி:
74-க்கும் 76-க்கும் இவ்வளவு மெனக்கெடணுமா? எச்.பி.எல்.சி. ஒருங்கிணைப்பில் அடிக்கோட்டைக் கொஞ்சம் நகர்த்தினாலே 88 என்பது 87 ஆகும், ஈ.ஈ. 74 ஆகிவிடும்.

பழைய லேப்காரன்:
இதை மறுக்க மாட்டேன். அந்தக் குரோமட்டோகிராமையும் சேர்த்துப் போடு, தம்பி.