ஜெர்மனியில் 25 வருடம் சுரங்கத்தில் இறங்கியவருக்கு 62-ல் முழு பென்ஷன்: உரிமையா, சலுகையா?

கோவை மாரி:
நான் ஃபவுண்டரியில் உருக்குப் பிரிவில் 22 வருடம் வேலை பார்த்தேன். முதுகும் மூச்சும் ஒத்துழைக்கவில்லை, 52 வயதில் நின்றுவிட்டேன். பி.எஃப். பென்ஷனை முன்கூட்டியே வாங்கினேன். 58-க்கு ஆறு வருடம் குறைகிறது என்று வருடத்துக்கு 4 சதவீதம் வீதம் வெட்டிவிட்டார்கள். சுரங்கத் தொழிலாளிக்கும் பைலட்டுக்கும் மட்டும் சீக்கிரமே முழு பென்ஷன் என்கிறார்களே, அது எப்படி?

பறவை77:
பைலட் விஷயம் சுலபம். 60 வயது ஆனதும் சட்டமே அவர்களை இறக்கிவிடுகிறது. சட்டம் இறக்கிவிட்ட பிறகு "நீ சீக்கிரம் போய்விட்டாய்" என்று யாரும் வெட்ட முடியாது. சுரங்கத்துக்கும் அதே நியாயம்தான். வேறென்ன விவாதம் இருக்கிறது?

வதனி, எசன்:
பறவை, நியாயம் நீங்கள் சொல்வதுதான். ஆனால் நடந்தது வேறு. முதலில் வயது: இரண்டு விமானிகள் ஓட்டும் பயணிகள் விமானத்துக்குச் சர்வதேச வரம்பு இப்போது 65. தனியாக ஓட்டுவதற்குத்தான் 60.

நீங்கள் சொல்லும் 60 அமெரிக்காவில் 1960 முதல் 2007 டிசம்பர் வரை இருந்தது. அங்கே யுனைடெட் ஏர்லைன்ஸ் திவால் நடவடிக்கையில் இருந்தபோது விமானிகளின் பென்ஷன் திட்டம் கைவிடப்பட்டு அரசின் உத்தரவாத நிறுவனத்திடம் போனது. அந்த நிறுவனம் தரும் தொகைக்கு ஓர் உச்சவரம்பு உண்டு. 65 வயதில் தொடங்குபவருக்கு முழு வரம்பு. 60-ல் தொடங்குபவருக்கு அதில் 65 சதவீதம்தான். ஓர் அரசு விதி 60-க்கு மேல் பறக்காதே என்றது. இன்னோர் அரசு விதி 60-ல் வந்ததற்காக வரம்பைக் குறைத்தது. வேலையை விட்டுப் போகச் சொன்ன கையும் வெட்டிய கையும் ஒரே அரசின் கைகள். ஆகவே "வெட்ட முடியாது" என்று எண்ணிவிடாதீர்கள். எழுதிவைக்காவிட்டால் வெட்டுவார்கள்.

ராகவன், சென்னை:
நான் எதிர்க்கட்சி. பி.எஃப். கணக்கு வேலையில் இருப்பவன், அதனால் இதைப் பணமாகத்தான் பார்க்கிறேன். முன்கூட்டிய வெட்டு என்பது தண்டனை இல்லை. ஒருவர் ஆறு வருடம் முன்னால் வாங்கத் தொடங்கினால், ஆறு வருடம் கூடுதலாக வாங்குகிறார், ஆறு வருடம் குறைவாகக் கட்டுகிறார். வெட்டாவிட்டால் அந்தப் பணம் பக்கத்து இருக்கைக்காரனின் நிதியிலிருந்து போகிறது.

வேலை ஆபத்தானது என்றால் சம்பளத்தைக் கூட்டட்டும், பாதுகாப்பைக் கூட்டட்டும். பென்ஷன் விதியில் தொழிலுக்கு ஒரு வயது வைத்தால் பட்டியல் நீளும். கிரீஸில் "கடினமான, உடலுக்குக் கேடான தொழில்கள்" பட்டியலில் சிகையலங்காரக் கலைஞர்கள் வரை இருந்தார்கள். 2010 நெருக்கடிக்குப் பிறகுதான் அதைச் சுருக்கினார்கள். ஒருவர் உள்ளே வந்ததும் அடுத்தவர் "எனக்கென்ன குறை" என்று கேட்பார். மாரி அண்ணன் கேட்பதும் அதைத்தானே.

வதனி, எசன்:
அண்ணா, "பக்கத்து இருக்கைக்காரனின் நிதி" என்ற இடத்தில்தான் நான் ஒத்துக்கொள்ளவில்லை. யார் கட்டுவது என்பதை முதலிலேயே எழுதிவைத்த ஊரில் நான் இருக்கிறேன். சம்பளக் கணக்கு அலுவலகத்தில் 19 வருட வேலை. சுரங்கக்காரர்களின் பென்ஷன் தாள்கள் நிறைய என் மேசையைக் கடந்திருக்கின்றன.

ஜெர்மனியில் சுரங்கத்துக்குத் தனிக் காப்பீடு, க்னாப்ஷாஃப்ட் என்று பெயர். சாதாரண ஊழியருக்குச் சம்பளத்தில் 18.6 சதவீதம் பென்ஷனுக்குப் போகிறது; ஆளுக்குப் பாதி, 9.3. சுரங்கத்தில் 24.7 சதவீதம். தொழிலாளி அதே 9.3 தான் கட்டுகிறார். மீதி 15.4 முழுவதும் முதலாளி. 3,000 யூரோ சம்பளத்துக்குத் தொழிலாளி 279 யூரோ, முதலாளி 462 யூரோ. நிலக்கரியை எடுத்து விற்பவர்தான் அதை எடுக்கும் உடம்புக்கும் விலை தருகிறார்.

இனி அந்தப் பக்கம் என்ன வருகிறது என்று பாருங்கள். நாட்டின் சராசரிச் சம்பளத்தில் ஒரு வருடம் உழைத்தால் ஒரு புள்ளி. 2025 ஜூலை கணக்குப்படி ஒரு புள்ளிக்கு மாதம் 40.79 யூரோ. சுரங்கப் புள்ளியை 1.3333-ஆல் பெருக்குவார்கள், 54.39 ஆகிறது. கட்டுவது மூன்றில் ஒரு பங்கு கூட, வாங்குவதும் மூன்றில் ஒரு பங்கு கூட. இந்த இடத்தில் யார் பையிலிருந்தும் எடுக்கவில்லை.

அதோடு நிலத்தடியில் நிரந்தரமாக வேலை செய்தவருக்கு மேற்புள்ளி உண்டு. ஆறாவது வருடத்திலிருந்து பத்து வரை வருடத்துக்கு 0.125, அப்புறம் இருபது வரை 0.25, அதற்கு மேல் 0.375. இருபத்தைந்து வருடம் இறங்கியவருக்குக் கூட்டிப் பார்த்தால் சரியாக 5 புள்ளி, மாதம் ஏறக்குறைய 272 யூரோ. உடம்பு தேயத் தேய ஏணி செங்குத்தாகிறது, அந்த விதியை எழுதியவருக்குச் சுரங்கம் தெரிந்திருக்கிறது. சராசரிச் சம்பளத்தில் 25 வருடம் இருந்த குமாஸ்தாவுக்கு மாதம் 1,020 யூரோ என்றால், அதே சம்பளத்தில் நிலத்தடியில் இருந்தவருக்கு 1,632.

வயதுக்கு வருவோம். 1964-க்குப் பிறகு பிறந்த குமாஸ்தாவுக்கு முழு பென்ஷன் 67-ல். 35 வருடக் கணக்கு இருந்தால் 63-ல் போகலாம், ஆனால் மாதத்துக்கு 0.3 சதவீதம் வீதம் மொத்தம் 14.4 சதவீதம் வாழ்நாள் முழுக்க வெட்டு. 25 வருடம் நிலத்தடியில் இருந்தவர் 62-ல் வெட்டு இல்லாமல் போகிறார்.

பறவை77:
அப்படியானால் அங்கே எல்லோரும் சுரங்கத்தில் இருந்ததாகச் சொல்லிவிட மாட்டார்களா?

வதனி, எசன்:
சொல்லிப் பார்ப்பார்கள், தாள் பேசிவிடும். எங்கள் கட்டடத்தில் கீழ் வீட்டில் ஒரு முன்னாள் சுரங்கக்காரர் இருக்கிறார். புருவத்துக்கு மேலும் முழங்கையிலும் நீலக் கோடுகள். வெட்டுக் காயத்துக்குள் கரித்தூள் புகுந்து, தோல் அதன் மேல் மூடிக்கொண்ட தழும்பு; கழுவினால் போகாது. ஆனால் பென்ஷன் அலுவலகம் தழும்பைப் பார்க்காது. மாதவாரியாக எத்தனை ஷிஃப்ட் கீழே என்று நிறுவனம் எழுதிய பதிவைத்தான் பார்க்கும். இவர் எலெக்ட்ரீஷியன். பாதி நாள் கீழே, பாதி நாள் மேலே பட்டறையில். சில வருடங்கள் "நிரந்தரமாக நிலத்தடி" என்ற கணக்கில் வராமல் போயின. தாளை விரித்து அந்த வருடங்களை விரலால் தொட்டுக் காட்டினார். தகராறு வருவது கீழேயே நின்று கரி வெட்டியவருக்கு இல்லை, இப்படி ஏறி இறங்கியவருக்குத்தான்.

ராகவன், சென்னை:
வதனி, கணக்கு அழகாக இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒரு விஷயத்தைத் தாண்டிப் போகிறீர்கள். ஜெர்மனியின் கடைசிக் கல்கரிச் சுரங்கம், போட்ராப்பில் இருந்த ப்ராஸ்பர் ஹானியல், 2018 டிசம்பரில் மூடிவிட்டார்கள். 15.4 சதவீதம் கட்ட முதலாளி எங்கே? வாங்குபவர் லட்சக்கணக்கில், கட்டுபவர் சொற்பம். பள்ளத்தை மத்திய அரசின் வரிப்பணம்தான் நிரப்புகிறது, சட்டத்திலேயே அப்படி எழுதியிருக்கிறது. ஆக, கடைசியில் பக்கத்து இருக்கைக்காரன்தான்.

வதனி, எசன்:
உண்மை, மறுக்கவில்லை. 62-ல் பென்ஷனோடும் அது நிற்கவில்லை. சுரங்கம் மூடியபோது நிலத்தடித் தொழிலாளிக்கு 50 வயதிலிருந்து ஐந்து வருடம் வரை இடைக்காலப் பணம், அப்புறம் 55-லிருந்து க்னாப்ஷாஃப்ட்டின் ஈட்டுத்தொகை. இடைக்காலப் பணம் அரசுப் பணம்தான். அந்தக் கரியில் எரிந்த உலையும் ஓடிய ரயிலும் நாடு முழுவதற்கும் பயன்பட்டன. அவர்களின் முதுமைக்கு நாடு கட்டுவதில் எனக்குத் தப்புத் தெரியவில்லை.

உங்களிடம் ஒன்று கேட்கிறேன். உங்கள் 4 சதவீதம் எல்லோரும் சராசரி ஆயுள் வாழ்வார்கள் என்ற எண்ணத்தில் போட்டது. நுரையீரலில் தூசி படிந்தவர் அவ்வளவு காலம் வாங்கப்போவதில்லை. அவருக்கும் அதே வெட்டு என்றால், அவர் விட்டுப்போகும் வருடங்களின் பணம் ஏசி அறையில் இருந்தவருக்குப் போகிறது. பக்கத்து இருக்கைக்காரனிடமிருந்து எடுப்பது யார்?

ராகவன், சென்னை:
இந்தக் கேள்விக்கு என்னிடம் முழு பதில் இல்லை. ஆனால் ஆயுளைப் பார்த்து வெட்டை மாற்றத் தொடங்கினால் எங்கே நிற்பீர்கள்? பெண்கள் ஆண்களைவிட அதிக காலம் வாழ்கிறார்கள். அவர்களுக்கு அதிகம் வெட்டலாமா? வசதியானவர்கள் ஏழைகளைவிட அதிக காலம் வாழ்கிறார்கள். அதற்கும் ஒரு அட்டவணை போடலாமா? ஆளாளுக்கு ஆயுள் பார்த்தால் அது காப்பீடே இல்லை.

வதனி, எசன்:
ஒருவர் பெண்ணாகப் பிறந்ததற்கு வேலை காரணமில்லை. நுரையீரலில் தூசியை வேலை வைத்தது. எனக்கு அந்தக் கோடு தெளிவாகத் தெரிகிறது. ஏழையின் ஆயுள் பற்றி நீங்கள் கேட்டது மட்டும் என்னையும் உறுத்துகிறது.

பறவை77:
விமானிக்கு உடம்பில் தேய்மானம் குறைவுதானே? 60-க்கு மேல் ஆறு மாதத்துக்கு ஒரு முறை மருத்துவப் பரிசோதனை, தேறினால் பறக்கலாம். அவர்களை சுரங்கத்தோடு சேர்ப்பதே தப்பு என்று இப்போது தோன்றுகிறது.

வதனி, எசன்:
ஆமாம், அது வேறு கேள்வி. சுரங்கத்தில் தொழிலாளியின் உடம்பைக் காப்பாற்ற வயது; விமானத்தில் பின்னால் இருப்பவர்களைக் காப்பாற்ற வயது. அதனால் இங்கே விமானிக்கு அரசு பென்ஷனில் தனி வயது இல்லை. லுஃப்தான்சா விமானிகள் முன்கூட்டிய ஓய்வுக்கான இடைக்காலப் பணத்தை நிறுவனத்தோடு ஒப்பந்தமாகப் பேசி வைத்திருந்தார்கள். அதில் கை வைத்ததும் 2014-ல் வேலைநிறுத்தம் செய்தார்கள். சங்கம் பலமாக இருக்கும்வரைதான் அது.

கோவை மாரி:
படித்தேன், பாதி புரிந்தது. எனக்கு வேண்டியது ஒன்றுதான். உருக்குப் பிரிவில் இருந்தேன் என்று கம்பெனியில் ஒரு சான்றிதழ் வாங்கிக் கொடுத்தால் அந்த 4 சதவீதத்தை எடுத்துவிடுவார்களா?

ராகவன், சென்னை:
இல்லை அண்ணே. நம் திட்டம் என்ன வேலை என்று கேட்பதே இல்லை. உலை முன்னால் நின்றவருக்கும் கம்ப்யூட்டர் முன்னால் இருந்தவருக்கும் 50-லிருந்து ஒரே வெட்டு. சான்றிதழால் பயன் இல்லை.

வேறு ஒரு கதவு இருந்தது: நிரந்தர முழு ஊனத்துக்கான பென்ஷன். அதற்கு 58 வரை காத்திருக்க வேண்டாம், பத்து வருட சேவை வேண்டாம், ஒரு மாதம் பணம் கட்டியிருந்தாலே போதும். வயதுக்கான வெட்டும் இல்லை. ஆனால் ஊனம் வேலையில் இருக்கும்போதே வந்திருக்க வேண்டும், மருத்துவக் குழு பார்த்துச் சொல்ல வேண்டும். நீங்கள் ராஜினாமா கொடுத்து, முன்கூட்டிய பென்ஷனும் வாங்கத் தொடங்கிவிட்டீர்கள்.

கோவை மாரி:
அப்போது யாரும் சொல்லவில்லை. என் தம்பி அதே பிரிவில்தான் இருக்கிறான், 49 ஆகிறது. அவனுக்கும் இருமல் தொடங்கிவிட்டது.

ராகவன், சென்னை:
அவர் ராஜினாமா கடிதம் எழுத வேண்டாம், முதலில் அதைச் சொல்லுங்கள். வேலையில் இருக்கும்போதே மார்பு எக்ஸ்ரே எடுத்து, உருக்குப் பிரிவில் இத்தனை வருடம் என்று மருத்துவரிடம் சொல்லிச் சீட்டில் எழுதி வாங்கட்டும். இ.எஸ்.ஐ. அட்டை இருந்தால் அங்கேயே காட்டட்டும். சிலிக்கோசிஸ், அதாவது மணல் தூசியால் நுரையீரல் கெடும் நோய், என்று வந்தால் அது தொழில்சார் நோய்க் கணக்கில் வரும், அதற்குத் தனி உதவித்தொகை. முழு ஊனம் என்று குழு சொல்வது கஷ்டம், அதை மறைக்க மாட்டேன். பாதி மூச்சோடு நடமாடுபவரை அவர்கள் முழு ஊனம் என்று ஏற்பதில்லை.

வதனி, எசன்:
அந்தப் பாதி மூச்சுக்காரருக்குத்தான் வயது வேண்டும் என்கிறேன் அண்ணா.