ஒரே கேள்விக்கு இரண்டு விடை என்று பெற்றோர் சண்டை, நாளை மாலைக்குள் திருத்த வேண்டும்

செல்வி_அறிவியல்
வணக்கம். பத்தாம் வகுப்பு அலகுத் தேர்வில் ஒரு மதிப்பெண் கேள்வி, "ஆக்சிஜன் குறைந்த இரத்தத்தை எடுத்துச் செல்வது எது?" விடை சிரை. ஒரு மாணவியின் அப்பா வந்து, தன் மகள் எழுதியதும் சரிதான், மதிப்பெண் போடுங்கள் என்கிறார். இதே கேள்வி அரையாண்டுத் தாளிலும் இருக்கிறது, தாள் நாளை மாலை அச்சகத்துக்குப் போகிறது. எப்படி மாற்றினால் யாரும் வாயைத் திறக்க முடியாது? அவசரம்.

கரிசல்காடு
மீதி மூன்று விருப்பங்கள் என்னென்ன? அந்தப் பெண் எதைக் குறித்தாள்?

மணி_தாவரவியல்
விருப்பங்கள் இல்லாமல் எதுவும் சொல்ல முடியாது டீச்சர். வகுப்பில் எத்தனை பேர், யார் யார் எதைக் குறித்தார்கள் என்பதும் வேண்டும்.

முதுகலை_ராஜன்
இந்த இழையில் இதை எத்தனை முறை சொல்வது? கேள்வி எடுப்பதற்கு முன் எந்த அலகில் எதைச் சோதிக்கிறோம் என்று ஒரு வரியாவது எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். பாடப்புத்தக வரியை எடுத்து ஒரு சொல்லை நீக்கினால் கேள்வியாகிவிடும் என்று நினைக்கிறவர்களால்தான் இப்படி நடக்கிறது. என் முப்பது வருட அனுபவத்தில் எந்தப் பெற்றோரும் என் தாளோடு வந்ததில்லை.

செல்வி_அறிவியல்
மன்னிக்கவும், அவசரத்தில் விட்டுவிட்டேன். (அ) தமனி (ஆ) சிரை (இ) நுரையீரல் தமனி (ஈ) தந்துகி. அவள் (இ) குறித்தாள். மொத்தம் 40 பேர். (ஆ) 23, (இ) 12, (அ) 3, (ஈ) 2.

ஆனைமலை_ஆசிரியர்
எனக்கும் இதே மாதிரி நடந்தது, சமூக அறிவியலில். "உயர்ந்த சிகரம் எது?" என்று கேட்டு தொட்டபெட்டா, ஆனைமுடி இரண்டையும் கொடுத்துவிட்டேன். தமிழ்நாட்டில் என்றால் தொட்டபெட்டா, 2,637 மீட்டர். தென்னிந்தியாவில் என்றால் ஆனைமுடி, 2,695 மீட்டர். 'தமிழ்நாட்டில்' என்ற ஒரு சொல் விட்டுப்போனதால் வகுப்பே இரண்டாகப் பிரிந்தது. நீங்களும் தொடக்கத்தில் 'பொதுவாக' என்று சேருங்கள், முடிந்தது. பொதுவாக சிரைதான் ஆக்சிஜன் குறைந்த இரத்தத்தைக் கொண்டு போகிறது.

மணி_தாவரவியல்
சிகரத்துக்கு எல்லை போட்டது சரி. ஆனால் இங்கே 'பொதுவாக' சேர்த்தால் நிலைமை இன்னும் மோசமாகும். யோசித்துப் பாருங்கள், சிரைகளில் விதிவிலக்கு உண்டு, நுரையீரல் சிரை ஆக்சிஜன் மிகுந்த இரத்தத்தைக் கொண்டு வருகிறது. நுரையீரல் தமனியோ ஆக்சிஜன் குறைந்த இரத்தத்தை மட்டும்தான் கொண்டு போகிறது. அப்படியானால் (இ) எப்போதும் உண்மை, (ஆ) பெரும்பாலும் உண்மை. அந்த அப்பா இதைத்தான் சொல்வார், அவர் சொல்வதில் தவறும் இல்லை.

இன்னொரு பிழையும் இருக்கிறது. (அ) தமனி என்பது ஒரு வகை, (இ) அந்த வகையில் ஒன்று. நுரையீரல் தமனி சரியென்றால் 'தமனி' என்று போட்டவனையும் முழுத் தவறு என்று சொல்ல முடியாது. நான்கும் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும், நான்குமே வகைகளாகவோ நான்குமே தனித்தனிக் குழாய்களாகவோ.

டீச்சர், மொத்த மதிப்பெண்ணில் முதல் 11 பேரும் கடைசி 11 பேரும் எதைக் குறித்தார்கள் என்று எண்ணிப் பார்த்துச் சொல்லுங்கள்.

கரிசல்காடு
(இ)யை எடுத்துவிட்டு 'நிணநீர் நாளம்' போட்டால் போதாதா? நான்கும் வகையாகிவிடும்.

மணி_தாவரவியல்
பெற்றோர் சண்டை நிற்கும். ஆனால் கேள்வி கற்றுத் தருவது தவறு. சிரை என்பதற்கு அடையாளம் திசைதான், ஆக்சிஜன் இல்லை. இந்தக் கேள்வியைப் படித்துப் போகும் பிள்ளை நுரையீரல் சிரை வரும்போது குழம்புவான்.

முதுகலை_ராஜன்
அப்படியானால் "இதயத்தை நோக்கி இரத்தத்தைக் கொண்டு வரும் குழாய் எது?" என்று கேட்டால் போதுமே. இவ்வளவு நீளமாக எழுதத் தேவையில்லை.

பரணி_மருத்துவம்
அதிலும் ஓட்டை இருக்கிறது சார். கல்லீரல் போர்ட்டல் சிரை குடலிலிருந்து கல்லீரலுக்குப் போகிறது, நேராக இதயத்துக்கு இல்லை. சிரை என்ற பெயர் இருக்கிறது.

முதுகலை_ராஜன்
பத்தாம் வகுப்புப் பிள்ளைக்குப் போர்ட்டல் சிரையா? தேவையில்லாத நுணுக்கம்.

பரணி_மருத்துவம்
பிள்ளைக்குத் தெரிய வேண்டியதில்லை சார், கேள்வி எடுப்பவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

மணி_தாவரவியல்
திருப்பிப் போட்டால் இந்தத் தகராறே இல்லை. "இதயத்திலிருந்து இரத்தத்தை வெளியே கொண்டு செல்லும் குழாய் வகை எது?" (அ) தமனி (ஆ) சிரை (இ) தந்துகி (ஈ) நிணநீர் நாளம். இதயத்தை விட்டுப் புறப்படும் பெரிய குழாய்கள் எல்லாம் தமனிதான், போர்ட்டல் சிரை இதற்குள் வராது. விருப்பங்களைக் கையால் மறைத்துக்கொண்டு கேள்வியை மட்டும் படித்துப் பாருங்கள், விடை வருகிறது. பழைய கேள்வியை அப்படிப் படித்தால் 'எதைக் கேட்கிறார்கள்?' என்றுதான் தோன்றும்.

விதிவிலக்கைச் சோதிக்க ஆசைப்பட்டால் தனிக் கேள்வியாக வையுங்கள். முதலில் "வலது வெண்ட்ரிக்கிளிலிருந்து நுரையீரலுக்கு..." என்று எழுதினேன். விருப்பங்கள் நுரையீரல் தமனி, நுரையீரல் சிரை, பெருந்தமனி, மேற்பெருஞ்சிரை. கேள்வியில் 'நுரையீரல்' இருப்பதால் படிக்காதவனும் நான்கை இரண்டாக்கிவிடுவான். அந்தச் சொல்லை எடுத்துவிட்டு, "வலது வெண்ட்ரிக்கிளிலிருந்து இரத்தத்தை வெளியே கொண்டு செல்லும் குழாய் எது?" என்று கேட்டால் போதும்.

செல்வி_அறிவியல்
எண்ணிவிட்டேன். முதல் 11 பேரில் 8 பேர் (இ), 3 பேர்தான் (ஆ). கடைசி 11 பேரில் 9 பேர் (ஆ), ஒருவர் (அ), ஒருவர் (ஈ). (இ) ஒருவர்கூட இல்லை. பார்த்ததும் பகீர் என்றது.

மணி_தாவரவியல்
நினைத்தேன். நன்றாகப் படித்தவர்கள்தான் தவறு என்று அடிபட்டிருக்கிறார்கள். விடைக்குறிப்பு தவறாக இருந்தாலோ கேள்வி இரண்டு பக்கம் இழுத்தாலோ இப்படித்தான் தலைகீழாக வரும்.

ஆனைமலை_ஆசிரியர்
அப்படியானால் அந்தக் கேள்வியை ரத்து செய்துவிட்டு எல்லோருக்கும் ஒரு மதிப்பெண் கொடுத்துவிடுங்கள். போட்டித் தேர்வுகளிலேயே அப்படிச் செய்கிறார்கள்.

கரிசல்காடு
தந்துகி என்று குறித்த 2 பேருக்கும் மதிப்பெண்ணா? என்ன நியாயம்? (ஆ), (இ) இரண்டுக்கும் கொடுங்கள், 35 பேருக்கு.

பரணி_மருத்துவம்
(அ) எழுதிய 3 பேர்? நுரையீரல் தமனியும் தமனிதான் என்று மணி சார் சொன்னாரே. அவர்கள் கேட்டால் என்ன சொல்வீர்கள்?

கரிசல்காடு
அவர்கள் நுரையீரல் தமனியை நினைத்து எழுதியிருக்க மாட்டார்கள்.

பரணி_மருத்துவம்
அது உங்களுக்கு எப்படித் தெரியும்? விடைத்தாளில் எழுத்து மட்டும்தான் இருக்கிறது.

முதுகலை_ராஜன்
ஒரு மதிப்பெண்ணுக்கு இவ்வளவு பேச்சு. ரத்து செய்தால் ஆசிரியர் தவறு செய்தார் என்று பள்ளி முழுக்கப் பேசும், அதை யோசித்தீர்களா?

மணி_தாவரவியல்
பேசட்டும் ராஜன் சார். என் கருத்து, (ஆ), (இ) இரண்டையும் ஏற்றுக்கொண்டு, வகுப்பில் ஏன் என்று விளக்க வேண்டும். (அ) பற்றி எனக்கே முழுத் தெளிவில்லை.

செல்வி_அறிவியல்
இரண்டு கேள்விகளையும் சேர்த்து அச்சகத்துக்கு அனுப்பிவிட்டேன். (ஆ), (இ)க்கு மதிப்பெண் போட்டாயிற்று, அந்த அப்பாவிடமும் பேசினேன். (அ) தலைமை ஆசிரியர் முடிவுக்கு விட்டிருக்கிறேன். எல்லோருக்கும் நன்றி.

கரிசல்காடு
அரையாண்டு முடிந்ததும் வெண்ட்ரிக்கிள் கேள்வியில் எத்தனை பேர் பெருந்தமனி குறித்தார்கள் என்று மட்டும் சொல்லுங்கள் டீச்சர். என் வகுப்புக்கும் அதையே வைக்கப் போகிறேன்.