வேறு ஊரில் நேர்காணல்: பயணச் செலவை எப்படிக் கேட்பது?

புதியவன்: வணக்கம். வரும் வியாழக்கிழமை வேறு ஊரில் நேரடி நேர்காணல். டிக்கெட் விலை ஏறிக்கொண்டே போகிறது, கையில் இருப்பது வாடகைக்கே சரியாக இருக்கும். செலவைத் தருவார்களா என்று கேட்டால் வாய்ப்பே போய்விடுமோ என்று பயமாக இருக்கிறது. நாளைக்குள் டிக்கெட் எடுத்தாக வேண்டும்.

தென்றல்: ஒரு நேர்காணலுக்காக அவ்வளவு தூரம் போகாதீர்கள். நான் வெளிநாடு வந்த புதிதில் இரவெல்லாம் பஸ்ஸில் போய், பஸ் நிலையத்திலேயே சட்டை மாற்றிக்கொண்டு போனேன். அரை மணி நேரத்தில் அனுப்பிவிட்டார்கள். ஒரு காசு தரவில்லை.

முகில்: கேட்கவே வேண்டாம். கூப்பிட்டவர்தான் தர வேண்டும், அது சட்டம். போய்வந்து பில்லை அனுப்புங்கள்.

கடலோரம்: முகில், நீங்கள் சொல்வது ஜெர்மனி நிலைமை. அங்கேயும் செலவு தர மாட்டோம் என்று அழைப்பிலேயே சொல்லிவிட்டால் பிறகு கேட்க முடியாது. எல்லா நாட்டிலும் அப்படிக் கட்டாயம் கிடையாது. தம்பி, எந்த நாடு? அழைப்பில் பயணம் பற்றி ஏதாவது இருக்கிறதா?

தென்றல்: சட்டம் இருந்து என்ன? புதிதாக வந்தவன் கேட்க மாட்டான் என்று அவர்களுக்குத் தெரியும். வீட்டு முன்பணத்திலும் இதே கதைதான்.

புதியவன்: இடமும் நேரமும் மட்டும்தான் இருக்கிறது. அனுப்பியவர் வேலைவாய்ப்பு ஏஜென்சிக்காரர்.

கடலோரம்: அதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே! அப்படியானால் அவரிடமே கேளுங்கள், நேர்காணல் செய்பவர்களிடம் வேண்டாம். கம்பெனியின் வழக்கம் அவருக்குத் தெரிந்திருக்கும், தெரியாவிட்டால் விசாரித்துச் சொல்வார். வாடகைக் கஷ்டத்தை எழுத வேண்டாம். இவ்வளவு போதும்: "அழைப்புக்கு நன்றி, வியாழக்கிழமை வருகிறேன். டிக்கெட் எடுக்கும் முன் ஒன்று தெரிந்துகொள்ள விரும்புகிறேன். பயணச் செலவைக் கம்பெனி ஏற்குமா? ஏற்றால் டிக்கெட்டை நீங்கள் எடுப்பீர்களா, நான் எடுத்துப் பிறகு பெற வேண்டுமா? உச்சவரம்பு உண்டா?" இப்போதே மெயில் அனுப்பிவிட்டு, காலையில் போனும் செய்யுங்கள்.

மழைத்துளி: சின்னக் கம்பெனியாக இருந்தால் நான் கேட்க மாட்டேன்.

கடலோரம்: கேட்டதற்காக அழைப்பை ரத்து செய்வது அபூர்வம். "பார்த்துக்கொள்ளலாம்" என்று பதில் வந்தால் அதைச் சம்மதமாக எடுத்துக்கொள்ளாதீர்கள், தொகையை எழுத்தில் வாங்குங்கள். டாக்ஸி, சாப்பாடு, தங்கும் செலவு சேருமா என்றும் கேளுங்கள். பணம் வரச் சில வாரம் ஆகலாம். முன்பணம் போட முடியாதென்றால் அவர்களையே டிக்கெட் எடுக்கச் சொல்லலாம். அவர்கள் எதற்கும் ஒத்துவராவிட்டால், முதல் சுற்றை வீடியோவில் வைக்க முடியுமா என்று கேளுங்கள்.

புதியவன்: மெயில் அனுப்பிவிட்டேன். தேர்வாகாவிட்டாலும் தருவார்களா?

கடலோரம்: செலவை ஏற்பதாகச் சொல்லியிருந்தால் பொதுவாகத் தருவார்கள். ஆனால் வேலை கொடுத்தும் நீங்கள் வேண்டாம் என்றால் தர மாட்டோம் என்று சில இடங்களில் நிபந்தனை இருக்கும். காலையில் போனில் அதையும் கேட்டுவிடுங்கள். டிக்கெட், போர்டிங் பாஸ், ரசீது எதையும் தூக்கிப் போடாதீர்கள்.