புதுப்பிப்பு: குன்னூர் தேயிலை ஆலை டிரையர், மேனேஜரின் ரிவியூ நோட்

ஆடிட்டில் இந்த ஆலையின் புது டிரையருக்கு நான் போட்ட தேய்மானம் பற்றி முன்பு இங்கே கேட்டது: “‘இயங்கத் தயாரான தேதிக்கு ஆதாரம் எங்கே?’ என்று மேனேஜர் எழுதியிருக்கிறார். இன்வாய்ஸ் இணைத்தேனே, இன்னும் என்ன வேண்டும்?”

நேற்று ஆலைக்கே போய்ப் பார்த்துவிட்டேன். இன்வாய்ஸ் தேதி செப்டம்பர் 12. ஆனால் மழையில் அஸ்திவார வேலை நின்றுபோய், டிரையர் தார்ப்பாய்க்குள் கிடந்திருக்கிறது. சோதனை ஓட்ட அறிக்கையில் ஃபோர்மேன் கையெழுத்திட்ட தேதி ஜனவரி 20.

விலை 48 லட்சம், ஆயுள் 15 வருடம், எஞ்சிய மதிப்பு 5 சதவீதம். வருடத் தேய்மானம் 3.04 லட்சம். இன்வாய்ஸ் தேதியிலிருந்து மார்ச் 31 வரை 201 நாளுக்கு நான் போட்டது சுமார் 1.67 லட்சம், ஜனவரி 20-லிருந்து 71 நாளுக்கு வருவது சுமார் 59 ஆயிரம்தான். ஜனவரி 20 வரை அது முடிவுறாத மூலதனப் பணியில் இருந்திருக்க வேண்டும்.

வருடத்தில் 180 நாளுக்குக் குறைவாகப் பயன்படுத்தினால் பாதித் தேய்மானம் என்ற விதியைச் சொன்ன அண்ணனுக்கு நன்றி. அது வருமான வரிக் கணக்குக்கு. இது கம்பெனி புத்தகம். கொடைக்கானல் ஹோட்டல் லிஃப்ட் பற்றிக் கேட்டவருக்கும் இதேதான்: ஆள் ஏறாவிட்டாலும், ஓடத் தயாரான நாளிலிருந்து தேய்மானம்.

அப்புறம், மேனேஜர் போனில் கேட்டது: “பழைய டிரையர் எங்கேப்பா?” ரிஜிஸ்டரில் இருக்கிறது, ஷெட்டில் இல்லை. இரும்புக்குப் போட்ட பில் இன்னும் கிடைக்கவில்லை. அந்தக் குறிப்பு திறந்தே இருக்கிறது.