வெட்டுவாயும் இளக்கமும்: ப்ளைவுட் முக்காலிக்குச் சொல் தேடி

கவிதா, மதுரை

அனைவருக்கும் வணக்கம்.

ஆணி, பசை எதுவும் இல்லாமல் கோத்து நிறுத்துகிற ப்ளைவுட் முக்காலி ஒன்றுக்குத் தமிழில் செய்முறைக் குறிப்பு எழுதிக்கொண்டிருக்கிறேன். வெட்டுவது சிஎன்சி ரௌட்டரில். இரண்டு கால் பலகைகள், பாதி உயரத்துக்குக் காடி வெட்டி, ஒன்றுக்குள் ஒன்று குறுக்காக இறங்கும். ஒவ்வொரு பலகையின் தலையிலும் இரண்டு கழுந்து இருக்கும். நான்கு கழுந்தும் இருக்கைப் பலகையின் நான்கு துளைகளில் ஏறி உட்காரும்.

நான் மாட்டிக்கொண்டது, வெட்டும்போது கருவி தின்றுவிடுகிற அகலத்தைக் குறிக்கும் 'கெர்ஃப்' என்ற சொல்லில். முதல் வரைவில் 'வெட்டு இழப்பு' என்று போட்டு, "துளை அகலத்தில் வெட்டு இழப்பைக் கழிக்கவும்" என்று ஒரு வரி எழுதினேன். அதைப் படித்த மாணவி பலகையை அளந்தாள், 17.5 மி.மீ. இருந்தது. சொன்னபடியே 0.2 கழித்து, துளையை 17.3 என்று வரைந்தாள். மெஷினும் 17.3-க்கே சரியாக வெட்டிக் கொடுத்தது. கழுந்து இறங்கவில்லை. சுத்தியலால் தட்டியதும் கழுந்தின் மேல் வெனீர் உரிந்து சுருண்டுகொண்டது. அவள் கணக்கில் பிழை இல்லை, என் வரிதான் பிழை. 'கெர்ஃப்', 'டாலரன்ஸ்' இரண்டுக்கும் நல்ல சொல் வேண்டும். உதவுங்கள்.

அருண், திருச்சி

கவிதா அக்கா, உங்கள் வரி தப்பில்லை என்றுதான் நினைக்கிறேன். நான் லேசரில் அக்ரிலிக்கும் 3 மி.மீ. ப்ளையும் வெட்டுகிறேன். கதிர் கோட்டின் மேலேயே ஓடும். என் மெஷினில் அது தின்பது ஏறத்தாழ 0.2 மி.மீ., கோட்டின் இந்தப் பக்கம் பாதி, அந்தப் பக்கம் பாதி. அதனால் துளை வரைந்ததைவிட 0.2 பெரிதாகிவிடும். முன்கூட்டியே கழித்து வரைந்தால் சரியாக வரும். ரௌட்டரிலும் அதே கணக்குத்தான், தின்னும் அகலம்தான் பெரிது.

சொல்லுக்கு 'சேதாரம்' என் பரிந்துரை. நகைக்கடைக்குப் போன எல்லோருக்கும் தெரிந்த சொல், விளக்கவே வேண்டாம்.

இளங்கோவன், தஞ்சாவூர்

அன்புள்ள கவிதா, சொல்லாக்கம் என்பதால் ஒன்று சொல்லத் தோன்றுகிறது. மூன்று கால் உள்ளது முக்காலி. நீங்கள் விவரிப்பது தரையில் நான்கு இடத்தில் நிற்கிறது. அதை முக்காலி என்பது பொருந்தாது. 'கோப்பு மணை' என்று சொல்லலாம், கோத்துச் செய்த மணை.

தங்கவேல், கோயம்புத்தூர்

வணக்கம். அப்பா தச்சர். நான் 11 வருடமாக ரௌட்டர் ஓட்டுகிறேன். இளங்கோவன் ஐயா சொன்ன பெயர் காதுக்கு நன்றாக இருக்கிறது. ஆனால் கவிதா கேட்டது வேறு, அதற்கே வருகிறேன்.

அருண் தம்பி, லேசருக்கு நீ சொன்னது சரி. ரௌட்டரில் யாரும் பிட்டைக் கோட்டின் மேல் ஓட்டுவதில்லை. பாதை போடும்போது உள்பக்கமா வெளிப்பக்கமா என்று மென்பொருளே கேட்கிறது. 6 மி.மீ. பிட் என்று சொன்னால் 3 மி.மீ. தள்ளி ஓட்டிக்கொள்கிறது. அதாவது கெர்ஃபை மென்பொருள் ஏற்கெனவே கழித்துவிட்டது. வரைபடத்தில் நாம் மறுபடி கழித்தால் அந்த மாணவிக்கு நடந்ததுதான் நடக்கும். வரைபடத்தில் நாம் செய்ய வேண்டியது கழிப்பதில்லை, கூட்டுவது. கழுந்து நுழையக் கொஞ்சம் இடம் விட வேண்டும். அது கெர்ஃப் இல்லை, வேறு விஷயம். இரண்டையும் ஒரே சொல்லில் அடைத்ததால்தான் பலகை வீணானது.

அப்பா ரம்பத்தால் அறுக்கும்போது "ரம்பம் தின்றது போக அளவு வை" என்பார். கழுந்து செதுக்கும்போது "கொஞ்சம் இளக்கமா விடு" என்பார். அவரிடம் இரண்டுக்கும் தனித்தனிப் பேச்சு இருந்தது. கருவி தின்னும் அகலத்துக்கு 'வெட்டுவாய்' என்று சொல்லலாம். நாம் விடுகிற இடத்துக்கு 'இளக்கம்' என்பதே போதும். 'சேதாரம்' வேண்டாம். அது எடையை நினைவூட்டுகிறது, இங்கே நமக்கு அகலம் வேண்டும்.

இனி இந்த முக்காலியில் எல்லோரும் தவறவிடுகிற ஒன்று. இருக்கையில் உள்ள துளைக்கு இரண்டு அளவு. ஒன்று கழுந்தின் தடிமன், அது 17.5 என்று வையுங்கள். மற்றது கழுந்தின் அகலம், அது 60. இந்த இரண்டிலும் பிழை வேறு வேறு இடத்திலிருந்து வருகிறது.

தடிமனை மெஷின் தொடுவதே இல்லை. அது ஆலையில் அழுத்திய பலகையின் தடிமன். 18 என்று விற்பதை 18 என்று நம்பி வரையக் கூடாது. சாதாரண ப்ளைவுட்டுக்கான ஐஎஸ் 303 தரமே 6 மி.மீ.க்கு மேல் 5 விழுக்காடு கூடவோ குறையவோ இடம் தருகிறது. 18-க்கு அது 17.1 முதல் 18.9 வரை. ஒரே ஷீட்டிலும் இடத்துக்கு இடம் மாறும். வெர்னியர் ஓரத்தை மட்டுமே பிடிக்கும், ஓரமோ பல நேரம் நசுங்கியோ ஈரம் ஏறி உப்பியோ இருக்கும். நான் ஷீட்டின் நடுவிலிருந்து ஒரு துண்டு வெட்டி அதை நான்கு பக்கமும் அளப்பேன்.

60-ஐ வெட்டுவது முழுக்க மெஷின், கழுந்தையும் அதுதான் வெட்டுகிறது, துளையையும் அதுதான் வெட்டுகிறது. பிட் தேய்ந்து 5.9 ஆகிவிட்டது, ஆனால் நீங்கள் 6 என்றே கொடுத்திருக்கிறீர்கள் என்று வையுங்கள். கழுந்து 60.1 ஆகும், துளை 59.9 ஆகும். பிழை இரண்டு தடவை விழுந்து 0.2 இறுக்கம் வந்துவிடும். தடிமன் பக்கத்தில் துளை மட்டும் 0.1 சுருங்கும். ஆகவே பிட் தேய்ந்தால் முதலில் மாட்டிக்கொள்வது 60 பக்கம், தடிமன் பக்கம் அடுத்துதான்.

எந்தப் பக்கம் மாட்டியது என்று பார்க்கச் சுத்தியல் வேண்டாம். கழுந்தின் நான்கு முகத்திலும் சாக்பீஸ் தடவிக் கையாலேயே அழுத்தி வெளியே எடுங்கள். எந்த முகத்தில் பொடி வழித்துப் போயிருக்கிறதோ அங்கேதான் இடிக்கிறது. 17.5-இன் முகங்கள் வழித்திருந்தால் பலகையை மறுபடி அளக்க வேண்டும், 60-இன் முகங்கள் என்றால் பிட்டை.

பிட்டை அளக்க, கழிவுப் பலகையில் 50 மி.மீ. சதுரக் கட்டை ஒன்றும் 50 மி.மீ. சதுரத் துளை ஒன்றும் அதே பிட்டால் வெட்டுவேன். கட்டை 50.1, துளை 49.9 என்று வந்தால் பிட் 5.9 போல வேலை செய்கிறது என்று பொருள். அந்த எண்ணையே மென்பொருளில் கொடுத்துவிடுவேன். துளையை மூலையில் அளக்காதீர்கள், மூலை வளைவாக இருக்கும், நடுவில் அளங்கள்.

மீனா, சென்னை

தங்கவேல் அண்ணா, இளக்கம் என்று நீங்கள் சொன்னதும் என் முக்காலி ஞாபகம் வந்தது. 0.15 விட்டு வெட்டினேன், கையால் அழுத்தினால் 'டொக்' என்று உட்கார்ந்தது. ஒவ்வொரு பாகத்தையும் கழற்றி ப்ரைமர் அடித்து, மேலே இரண்டு கோட் பெயின்ட் போட்டுக் காயவைத்தேன். அதற்கப்புறம் ஒரு கழுந்தும் நுழையவில்லை. கழுந்தின் இரண்டு முகம், துளையின் இரண்டு சுவர், ஆக நான்கு இடத்தில் பெயின்ட் ஏறியிருந்தது. அதைச் சுரண்டி எடுக்கவே ஒரு ஞாயிற்றுக்கிழமை போனது. இதற்கும் இளக்கம் என்றுதான் சொல்வதா, 'பூச்சு இளக்கம்' என்று தனியாக வேண்டுமா?

தங்கவேல், கோயம்புத்தூர்

தனிச் சொல் வேண்டாம்மா. கோக்கும் முகங்களில் மாஸ்கிங் டேப் ஒட்டிவிட்டுப் பெயின்ட் அடிப்பதே நல்லது. பூச்சுக்காக இளக்கத்தைக் கூட்டினால், பூச்சு தேய்ந்தபின் முக்காலி ஆடும்.

அருண், திருச்சி

சரி அண்ணா, மென்பொருள் கழித்துக்கொள்ளும் என்பதை நான் யோசிக்கவில்லை. ஒத்துக்கொள்கிறேன். 'வெட்டுவாய்' லேசருக்கும் பொருந்துகிறது, அதையே வைப்போம். துளையின் மூலையில் பிட் விடுகிற வளைவைத் தாண்டிக் குடைவதற்கு எங்கள் பக்கம் 'டாக்போன்' என்போம். அதை 'மூலைக்குடைவு' என்று சொன்னால் புரிகிறது.

டாலரன்ஸுக்கு 'பொறுதி' என்பது என் பரிந்துரை. இயந்திரம் எவ்வளவு பிழையைப் பொறுக்கும் என்பதுதானே.

இளங்கோவன், தஞ்சாவூர்

'வெட்டுவாய்' நல்ல தேர்வு. வெட்டுப்பட்ட புண்ணின் வாய்க்கு வழங்குகிற சொல்தான், மரத்துக்கும் ஒட்டுகிறது. 'பொறுதி'யில் எனக்கு ஐயம். பொறுப்பது மனிதர். 17.1 முதல் 18.9 வரை என்று தங்கவேல் சொன்னாரே, அது கூடுதலும் குறைவும். 'கூடுகுறை' என்றால் என்ன? "இந்தப் பலகையின் கூடுகுறை 0.9" என்று எளிதாகச் சொல்லலாம்.

தங்கவேல், கோயம்புத்தூர்

ஐயா, 'கூடுகுறை' என் கடைப் பையனுக்குக்கூடப் புரியும். ஆனால் ஒரு சிக்கல். ஆலை எவ்வளவு வரை மாறலாம் என்று தரம் அனுமதிப்பது ஒன்று. இந்த ஷீட் உண்மையில் எவ்வளவு மாறியிருக்கிறது என்று நான் அளப்பது வேறு. 'கூடுகுறை' எனக்கு இரண்டாவதைத்தான் சொல்வதுபோல் கேட்கிறது. முதலாவதற்கு 'பொறுதி' இருக்கட்டுமா என்று யோசிக்கிறேன், முடிவாகச் சொல்லவில்லை.

கவிதா, மதுரை

எல்லோருக்கும் நன்றி. 'வெட்டு இழப்பு' வரியை எடுத்துவிட்டேன். இப்போது குறிப்பில் இருப்பது இது: "வெட்டுவாயை மென்பொருள் பார்த்துக்கொள்ளும், வரைபடத்தில் அதைத் தொட வேண்டாம். பலகையை அளந்து அதோடு இளக்கத்தைக் கூட்டவும்." வரைபடத்தில் 17.5 என்று எங்கும் நேரடியாக எழுதாமல் மாறிகளாக வைத்திருக்கிறேன். ஷீட் மாறினால் முதல் எண்ணை மட்டும் மாற்றினால் போதும்.

```
T = 17.5;     // அளந்த தடிமன்
gapT = 0.15;  // தடிமன் பக்க இளக்கம்
gapW = 0.25;  // அகலப் பக்க இளக்கம்
slotT = T + gapT;
slotW = 60 + gapW;
```

அகலப் பக்கத்துக்கு அதிகம் விட்டது, பிட் தேய்மானம் அங்கே இரண்டு தடவை விழுகிறது என்பதால். நேற்று 17.55-இலிருந்து 17.85 வரை 0.05 இடைவெளியில் ஏழு காடிகள் வெட்டி, மாணவியையே சோதிக்கச் சொன்னேன். 17.65-இல் கை அழுத்தத்துக்கு உட்கார்ந்து, தலைகீழாகப் பிடித்தாலும் விழாமல் நின்றது. 17.75-இல் அசைத்தால் ஆடியது. அதே ஷீட்டின் இன்னொரு மூலையில் தடிமன் 17.6 இருந்தது. அந்தத் துண்டு 17.65-இல் மரச்சுத்தியலுக்குத்தான் இறங்கியது. இதற்கு என்ன செய்வது என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை. தடித்த மூலைக்கு இளக்கம் விட்டால் மெலிந்த மூலை ஆடுகிறது.

டாலரன்ஸுக்கு இப்போதைக்கு இரண்டு சொல்லையும் அடைப்பில் வைத்திருக்கிறேன். தலைப்பு முக்காலியாகவே இருக்கிறது, ஐயா மன்னிக்கவும், பிள்ளைகள் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள்.

தங்கவேல், கோயம்புத்தூர்

கால் பலகை இரண்டையும் ஷீட்டின் ஒரே பகுதியில் பக்கத்துப் பக்கமாக அடுக்கு. கழுந்து எல்லாம் ஏறத்தாழ ஒரே தடிமனில் வரும். இருக்கைப் பலகை எந்த மூலையிலிருந்து வந்தாலும் கவலையில்லை, அதன் தடிமன் துளைக்குள் நுழைவதில்லையே. எனக்குப் புதன்கிழமை புது ஷீட் நான்கு வருகிறது. ஒவ்வொன்றையும் ஒன்பது இடத்தில் அளந்து எண்களை அனுப்புகிறேன். அதைப் பார்த்துவிட்டு 'கூடுகுறை'யா 'பொறுதி'யா என்று பேசுவோம்.