விஐஎஃப்-க்கு ‘வீக்கக் காரணி’ சரியா? ஆய்வுமுறைப் பகுதியில் எழுத ஒரு சொல் வேணும்

தரவுக்காரி எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். ஆய்வறிக்கைய தமிழ்ல எழுதிட்டு இருக்கேன், ரிக்ரெஷன் பகுதியில மாட்டிக்கிட்டேன். மேல் ரத்த அழுத்தத்த கணிக்க வயசு, உயரம், எடை, பிஎம்ஐ, இடுப்பளவுன்னு அஞ்சு மாறி வெச்சிருந்தேன், 240 பேரோட டேட்டா. விஐஎஃப், அதாவது வேரியன்ஸ் இன்ஃப்ளேஷன் ஃபேக்டர், பாத்தா எடைக்கு 88, பிஎம்ஐக்கு 71, உயரத்துக்கு 19, இடுப்பளவுக்கு 4.1, வயசுக்கு 1.2. அதிகமா இருந்தத, அதாவது எடைய, எடுத்துட்டு மறுபடி ஓட்டுனேன், எல்லாம் 4க்குள்ள வந்துடுச்சு.

நான் எழுதுனது இது: “பல்நேரியல் சிக்கல் இருந்ததால், மாறுபாட்டு வீக்கக் காரணி அதிகமாக உள்ள மாறி நீக்கப்பட்டது.” படிச்சுப் பாத்த கைடு, “வீக்கத்துக்குக் காரணியா இருந்த மாறியவா நீக்குன?”ன்னு கேக்குறாரு. நான் அப்படிச் சொல்லவே இல்ல, ஆனா வாக்கியம் அப்படித்தான் படிக்குது. வேற நல்ல சொல் இருக்கா?

சொல்வேட்டை எழுதியது:

வேரியன்ஸ்னா பாடநூல்ல ‘விலக்க வர்க்கச் சராசரி’ம்மா, ‘பரவற்படி’ன்னும் எழுதுறாங்க. ‘மாறுபாடு’ன்னு விட்டா சும்மா வித்தியாசம்னு எடுத்துக்குவாங்க. அதனால ‘பரவற்படி வீக்கக் காரணி’ன்னு போடுங்க. ஆனா வீக்கம்னதும் பணவீக்கம்தான் ஞாபகம் வருது, மாறியோட மதிப்பு வருஷா வருஷம் ஏறிட்டே போகுதுன்னு அர்த்தமா? எடை அப்படி ஏறுதுன்னா அது வேற சிக்கல் இல்லையா?

வேகநடை எழுதியது:

அண்ணே, வருஷக் கணக்கெல்லாம் இல்ல. மாறிங்க ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்டா அந்த மாறியோட பரவல் பெருசாயிடும், அதான் வீக்கம். 10க்கு மேல போனா தூக்கிடணும், சில பேர் 5ம்பாங்க. அக்கா செஞ்சது கரெக்ட், பேர் என்னவா இருந்தா என்ன.

பழைய சராசரி எழுதியது:

வேகநடை தம்பி, பாதி சரி. ஒட்டிக்கிறது சரி, ஆனா வீங்குறது மாறியோட பரவல் இல்ல. 240 பேரோட எடை எப்படிப் பரவியிருக்கோ அது பக்கத்துல பிஎம்ஐ இருந்தாலும் இல்லாட்டியும் அதேதான். வீங்குறது எடைக்கு நாம மதிப்பிடுற கெழுவோட பரவற்படி, அதாவது அந்த கெழு எவ்வளவு நிச்சயமில்லாம இருக்குங்கறது. எடைய மத்த நாலு மாறிய வெச்சு கணிச்சா ஆர்-ஸ்கொயர் என்ன வருதோ அத 1லேருந்து கழிச்சு, 1ஐ அதால வகுத்தா விஐஎஃப். பிஎம்ஐக்கு 71ன்னா மத்த நாலும் சேந்து பிஎம்ஐல கிட்டத்தட்ட 98.6 சதவீதத்த சொல்லிடுதுன்னு அர்த்தம். மிச்சமிருக்க 1.4 சதவீதத்துலதான் அது தனியா பேச முடியும்.

இப்ப சொல்லுக்கு வரேன். ‘காரணி’ங்கறதுதான் கோளாறு. இந்த இடத்துல ஃபேக்டர்ன்னா பெருக்குற எண், அவ்வளவுதான். தமிழ்ல காரணின்னா ஒண்ணுக்குக் காரணமா இருக்கறது, நம்ம ஆளுங்க பிரெடிக்டரையே ‘காரணி’ன்னு எழுதுறாங்க, காரணிப் பகுப்பாய்வுன்னு தனியா ஒரு முறையும் இருக்கு. அதனால உங்க கைடு அப்படிப் படிச்சதுல தப்பே இல்ல. வீக்க மடங்குன்னு வெச்சா ‘எத்தன மடங்கு வீங்குச்சு’ங்கற கேள்விக்கு நேரா பதில் வந்துடும். “பிஎம்ஐயின் வீக்க மடங்கு 71.” இத யாரும் காரணம்னு படிக்க மாட்டாங்க.

இன்னொண்ணு, 71 மடங்கு பரவற்படிக்குத்தான், திட்டப் பிழைக்கு அதோட வர்க்கமூலம், சுமார் 8.4 மடங்கு. 10ங்கற கோடும் அப்படித்தான், திட்டப் பிழை 3.2 மடங்கு ஆகுது, அவ்வளவுதான். டேட்டா நிறைய இருந்து அதுக்கப்புறமும் நம்பிக்கை இடைவெளி குறுகலா இருந்தா எதையும் தூக்க வேண்டியதில்ல. நீங்க கட்டுப்பாட்டுக்காக மட்டும் சேத்த ரெண்டு மாறிங்க அவங்களுக்குள்ள ஒட்டிக்கிட்டு இருந்தா அதப் பத்தியும் கவலப்பட வேணாம். கோல்ட்பெர்கர்னு ஒரு பொருளியல்காரர் 1991ல எழுதுன பாடப்புத்தகத்துல இதக் கிண்டல் பண்ணி, சாம்பிள் சின்னதா இருக்கறதுக்கும் ஒரு பயங்கரமான பேர் வெச்சாரு, ரெண்டும் கொடுக்கற தொல்லை ஒண்ணுதானேன்னு. கலைச்சொல் ஆக்குறவங்க சிரிச்சுக்க வேண்டிய இடம் அது.

தரவுக்காரி எழுதியது:

மடங்கு அருமையா பொருந்துது ஐயா. சொல்லப்போனா திட்டப் பிழையில அது அப்படியே தெரிஞ்சுது. அஞ்சு மாறியும் இருந்தப்ப பிஎம்ஐ கெழு −0.6, திட்டப் பிழை 1.9. எடைய எடுத்ததும் கெழு 1.1, திட்டப் பிழை 0.43, வீக்க மடங்கு 3.6. குறியே மாறிடுச்சு, அதப் பாத்துதான் பயந்தேன்.

பழைய சராசரி எழுதியது:

அத அப்படியே அறிக்கையில போடுங்க, முன்னாடி என்ன, பின்னாடி என்னன்னு. படிக்கறவங்களுக்கு விஐஎஃப் அட்டவணைய விட இது நல்லா புரியும். −0.6க்கு 1.9 பிழைன்னா அந்த மைனஸ்க்கு அர்த்தமே இல்ல, பயப்பட ஒண்ணுமில்ல.

ஆனா ஒரு கேள்வி இருக்கு. எடைய எதுக்கு எடுத்தீங்க? 88 பெருசுங்கறதாலயா? பிஎம்ஐ எடையும் உயரமும் சேந்து பிறந்த குழந்தை, மூணையும் ஒண்ணா வெச்சா ஒட்டத்தான் செய்யும். (மூணுக்கும் லாக் எடுத்துப் பாருங்க, பிஎம்ஐ லாக்குங்கறது எடை லாக்லேருந்து உயர லாக்க ரெண்டு தடவ கழிச்சது, சுத்தமா ஒண்ணு மிச்சம், பல மென்பொருள் ஒண்ண தானே தூக்கிடும் இல்லன்னா பிழையோ எச்சரிக்கையோ காட்டும்.) எடைய எடுத்தாலும் சரி பிஎம்ஐய எடுத்தாலும் சரி கணிப்பு கிட்டத்தட்ட ஒண்ணுதான் வரும், மாறுறது மிச்சமிருக்க கெழுவோட அர்த்தம். ரெண்டு மாடலையும் ஓட்டி உயரத்தோட கெழுவ மட்டும் பாத்துட்டு வாங்க.

தரவுக்காரி எழுதியது:

ஓட்டிட்டேன். எடைய எடுத்து பிஎம்ஐய வெச்சா உயரத்துக்கு 0.02, அதாவது ஒண்ணுமில்ல. பிஎம்ஐய எடுத்து எடைய வெச்சா உயரத்துக்கு −0.35! எடைக்கு 0.42. ரெண்டுலயும் வீக்க மடங்கு எல்லாம் 4க்குள்ளதான். இது எப்படி, உயரமானவங்களுக்கு அழுத்தம் குறையுதா குறையலையா?

பழைய சராசரி எழுதியது:

ரெண்டும் சரி, கேள்விதான் வேற. முதல் மாடல்ல உயரத்தோட கெழு ‘ஒரே பிஎம்ஐ உள்ள ரெண்டு பேர்ல உயரமானவர்’. ரெண்டாவதுல ‘ஒரே எடை உள்ள ரெண்டு பேர்ல உயரமானவர்’, அவர் ஒல்லி, அதான் மைனஸ். உங்க சராசரி பிஎம்ஐ 26 உயரம் 162 செமீ பக்கம்னா, எடை மாறாம ஒரு செமீ உயரம் கூடுனா பிஎம்ஐ 0.32 குறையும், அத 1.1ஆல பெருக்குனா 0.35. கணக்கு ஒட்டுதா? அதனால “அதிகமா இருந்தத நீக்கினேன்”ங்கறது போதாது. எத எந்தக் கேள்விக்காக வெச்சீங்க, எடுத்ததால மிச்சத்தோட அர்த்தம் என்ன ஆச்சு, இது ரெண்டும் வேணும்.

பைதான்பாதி எழுதியது:

குறுக்க வரேன் மன்னிக்கணும், நானும் விஐஎஃப்-ல அடி வாங்குனவன். ஒரு தடவ எனக்கு உயரம் வயசு எல்லாத்துக்குமே பெரிய பெரிய எண்ணா வந்துச்சு, ஒட்டறதுக்கு வழியே இல்லாத மாறிங்க. ரெண்டு நல்ல மாறிய தூக்கி எறிஞ்சுட்டு அறிக்கையும் குடுத்துட்டேன், அப்புறம் பாத்தா ஸ்டேட்ஸ்மாடல்ஸ்ல அந்த ஃபங்ஷன் மாறிலிய தானா சேக்காது, நாமதான் சேக்கணும். சேக்காட்டி சராசரியக் கழிக்காத ஆர்-ஸ்கொயர எடுத்துக்குது, சராசரி 162, பரவல் 9ன்னு இருக்க மாறிக்கு அது சும்மாவே ஏறிடும்.

```python
X = sm.add_constant(df[cols])
vif = [variance_inflation_factor(X.values, i)
       for i in range(1, X.shape[1])]
```

அக்கா, உங்க வயசுக்கு 1.2 வந்திருக்கு, அதனால உங்களுக்கு இந்தக் கோளாறு இல்ல. ஆனா மத்தவங்களுக்காக சொல்லி வெக்கிறேன், எந்த மென்பொருள், மாறிலி உண்டா இல்லையான்னு ஒரு வரி எழுதிடுங்க.

வேகநடை எழுதியது:

அப்ப இதெல்லாம் எதுக்கு, அஞ்சையும் பிசிஏ-ல போட்டு முதல் ரெண்டு கூறு எடுத்துக்கலாமே, ஒட்டலே இருக்காது.

பழைய சராசரி எழுதியது:

ஒட்டு இருக்காது தம்பி, அர்த்தமும் இருக்காது. வயசும் உயரமும் கலந்த ஒரு கூறு ஒரு அலகு கூடுனா அழுத்தம் ஏறுதுன்னா யாருக்கு என்ன புரியும்? சேக்கணும்னா ஒரே விஷயத்த அளக்கறத மட்டும் சேக்கணும். இங்க பிஎம்ஐயும் இடுப்பளவும் அப்படி, ஒட்டுறவு எவ்வளவு?

தரவுக்காரி எழுதியது:

0.84. ரெண்டையும் சேத்து ஒரு குறியீடா மாத்தலாம்னுதான் இருந்தேன், ஏன்னா என் கேள்வி உடல்பருமன் பத்தித்தான், இடுப்பா மொத்தமாங்கறது இல்ல. ரெண்டையும் சராசரி கழிச்சு திட்ட விலக்கத்தால வகுத்து, சம எடையில சராசரி எடுக்கலாம்னு.

பழைய சராசரி எழுதியது:

செய்யலாம். சராசரியும் திட்ட விலக்கமும் எந்த 240 பேர்ட்டேருந்து எடுத்தீங்கன்னு சொல்லுங்க, அப்பதான் இன்னொருத்தர் அதே குறியீட்ட கணக்கு பண்ண முடியும். பிஎம்ஐ இடுப்பு எதால அழுத்தம் ஏறுதுன்னு இந்த மாடல் சொல்லாதுன்னும் எழுதுங்க. மடங்கு 3.6, 3.5 தானே, சேக்காட்டியும் குடி முழுகாது, அதனால இத ‘சிக்கல் தீர்க்க’ன்னு எழுதாம ‘கேள்விக்காக’ன்னு எழுதுங்க.

தரவுக்காரி எழுதியது:

இப்படி மாத்தியிருக்கேன், பாருங்க:

“எடை, உயரம், பிஎம்ஐ மூன்றும் ஒன்றிலிருந்து ஒன்று கணக்கிடப்படுபவை, மூன்றும் இருந்த மாதிரியில் வீக்க மடங்கு முறையே 88, 19, 71. ஆய்வுக் கேள்வி உடல்பருமன் பற்றியது என்பதால் எடை நீக்கப்பட்டது. எனவே உயரத்தின் கெழு ஒரே பருமன் உள்ளவர்களுக்கிடையேயான வேறுபாடாகும். பிஎம்ஐ, இடுப்பளவு (ஒட்டுறவு 0.84) இந்த 240 பேரின் சராசரி, திட்ட விலக்கத்தைக் கொண்டு தரப்படுத்தப்பட்டு, சம எடையில் ஒரே குறியீடாக்கப்பட்டன, இரண்டின் தனித்தனி விளைவை இம்மாதிரி பிரிக்காது. பிஎம்ஐக்குப் பதில் எடையை வைத்த மாதிரி பின்னிணைப்பில் உள்ளது.”

சொல்வேட்டை எழுதியது:

வீக்க மடங்குக்கு என் ஓட்டு, நான் பணவீக்கத்துக்குப் போனத மறந்துடுங்க. ஆனா ‘பல்நேரியல்’ எனக்கு ஒப்பல, எதோ பல கோடு வரைஞ்ச மாதிரி இருக்கு. ‘மாறிப் பிணைவு’ எப்படி?

பழைய சராசரி எழுதியது:

ஃபிரிஷ் 1934ல இந்தச் சொல்ல புழக்கத்துக்குக் கொண்டு வந்தப்ப அவர் மனசுல இருந்தது மாறிங்களுக்குள்ள நேரியல் உறவு, அதனால நேரியல் போனா கொஞ்சம் இழப்புதான். பிணைவுன்னா ரெண்டு ரெண்டா ஒட்டறதுன்னு நினைப்பாங்க, ஆனா ரெண்டு ரெண்டா பாத்தா சாதாரணமா இருந்து நாலு சேந்து அஞ்சாவத முழுங்கறதும் உண்டு. ‘கூட்டுப் பிணைவு’ன்னா தேவல. எனக்கு இன்னும் முடிவில்ல.

பைதான்பாதி எழுதியது:

கூட்டுப் பிணைவு நல்லாருக்கு, ஆனா கூட்டுறவுச் சங்கம் மாதிரி கேக்குது 😄 நான் பல்நேரியல்தான். அது கெடக்கட்டும், படிப்பு நிலைன்னு நாலு வகை உள்ள மாறி இருந்தா ஆர்ல `car::vif` வேற ஒரு பத்தி காட்டுமே, `GVIF^(1/(2*Df))`, அத 10ஓட ஒப்பிடலாமா?

பழைய சராசரி எழுதியது:

அப்படியே கூடாது, அது வர்க்கமூலம் எடுத்த அளவுல இருக்கு. வர்க்கம் எடுத்துட்டு சாதாரண வீக்க மடங்கோட பக்கத்துல வெச்சுப் பாருங்க. அதுக்கு என்ன பேர் வெக்கிறதுன்னு கேட்டா, ‘பொதுமை வீக்க மடங்கு’ன்னு வாயில வருது, ஆனா அந்த அடுக்குக்குறிய எப்படிச் சொல்றதுன்னு தெரியல. சொல்வேட்டைதான் யோசிக்கணும்.